குறுவை வைக்கோலை மடக்கி உழுத வயலில் தாளடிக்குத் தழைச்சத்தை எவ்வளவு கூட்டுவது?

கேள்வி: "ஐயா, குறுவையை மெஷின் வைத்து அறுத்தோம். மழை விடாததால் வைக்கோலைக் கட்டு கட்டி எடுக்க முடியவில்லை. தாளோடு சேர்த்து அப்படியே மடக்கி உழுதுவிட்டு, பத்து நாள் இடைவெளியில் ஆடுதுறை 46 நடலாம் என்றிருக்கிறேன். சென்ற ஆண்டு இதே போல் செய்தபோது நட்ட பத்தாம் நாளிலிருந்து பயிர் மஞ்சளித்தது, ஒரு மூட்டை யூரியா போட்டும் ஒரு வாரம் பச்சை திரும்பவில்லை. வைக்கோல் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும் என்கிறார்கள். எவ்வளவு இழுக்கும், எவ்வளவு கூடுதலாகப் போட வேண்டும், அதை முன்கூட்டியே கணக்கிட வழி உண்டா?"

கணக்கிட வழி உண்டு. அதற்கு வேண்டியவை வைக்கோலின் எடை, அதன் கரிம–தழைச்சத்து விகிதம், வயலில் நீர் நிற்கும் நிலை, உழவுக்கும் நடவுக்கும் இடையே உள்ள நாட்கள் ஆகிய நான்கு மட்டுமே. ஆனால் கணக்கில் இறங்குமுன், வைக்கோல் எதனால் தழைச்சத்தை இழுக்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. இந்தக் கணக்கில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை அங்கேதான் தொடங்குகின்றன.

மண்ணில் வைக்கோலை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் அதிலுள்ள கரிமத்தைத் தின்று, ஒரு பகுதியைத் தம் உடலாக்கிக்கொண்டு, மீதியைக் கரியமில வாயுவாக வெளிவிடுகின்றன. அவற்றின் உடலில் ஏறத்தாழ எட்டுப் பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து இருக்கிறது. காற்றோட்டமுள்ள மண்ணில், தின்ற பத்துப் பங்கு கரிமத்தில் நான்கு பங்கு உடலாகிறது என்று கொண்டால், இருபது பங்கு தின்றால் எட்டுப் பங்கு உடலாகும். அதற்கு ஒரு பங்கு தழைச்சத்து தேவைப்படும். "விகிதம் இருபதுக்குமேல் போனால் முடக்கம்" என்று நாம் கேள்விப்படும் எல்லை இப்படி வருவதுதான். நெல் வைக்கோலில் கரிமம் நூற்றுக்கு நாற்பது அளவிலும், தழைச்சத்து 0.5 முதல் 0.8 வரையிலும் இருப்பதால், அதன் விகிதம் ஐம்பதிலிருந்து எண்பதுக்குள் அமைகிறது. ஆகவே வைக்கோலோடு வரும் தழைச்சத்து நுண்ணுயிர்களுக்குப் போதாது. குறைவதை அவை மண்ணில் கரைந்திருக்கும் அம்மோனியத்திலிருந்து எடுத்துக்கொள்கின்றன. முடக்கம் என்பது இதுதான். அந்த அம்மோனியத்தைத்தான் நட்ட நாற்றும் நம்பியிருக்கிறது.

இதைக் கணக்காக எழுதினால் ஒரே வரியில் அடங்கும்:

```
N = Cd × (E / 8 − 1 / R)
```

இதில் Cd என்பது நமக்கு முக்கியமான நாட்களுக்குள் மட்கும் கரிமத்தின் எடை. E என்பது அதில் நுண்ணுயிர் உடலாகும் பங்கு. R என்பது வைக்கோலின் கரிம–தழைச்சத்து விகிதம். N என்பது முடங்கும் தழைச்சத்து. N எதிர்மறையாக வந்தால், முடக்கத்துக்குப் பதிலாகத் தழைச்சத்து விடுபடும் என்று பொருள்.

முதலில் வைக்கோலின் எடை. விளைச்சலை வைத்து ஊகிப்பதைவிட வயலில் நேரில் அளப்பதே சரி, ஏனென்றால் அறுவடை இயந்திரம் ஓரிடத்தில் குவித்தும் ஓரிடத்தில் இறைத்தும் போகிறது. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கயிற்றுச் சதுரத்தை, இயந்திரம் கொட்டிய வரிசையில் ஒன்றும் வரிசைகளுக்கு நடுவில் இரண்டுமாக மூன்று இடங்களில் போட்டு, உதிர்ந்த வைக்கோலையும் நிற்கும் தாளையும் சேர்த்து எடுத்து நிறுத்துப் பாருங்கள். ஒரு சதுர மீட்டருக்குச் சராசரியாக 1,400 கிராம் ஈரவைக்கோல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 100 கிராமைத் தனியே எடுத்து நன்றாக உலர்த்தினால் 40 கிராம் நிற்கிறது என்றால், உலர்ந்த எடை 560 கிராம். வெயிலில் காய்ந்ததிலும் பத்தில் ஒரு பங்கு ஈரம் இருக்கும் என்பதால் அதையும் கழித்து 500 கிராம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஓர் ஏக்கர் ஏறத்தாழ 4,000 சதுர மீட்டர். ஆக ஏக்கருக்கு 2,000 கிலோ. மழைக்காலத்தில் வெயிலுக்குக் காத்திருக்க முடியாது என்றால், அடுப்பின் பக்கத்தில் ஒரு தாம்பாளத்தில் பரப்பி ஓர் இரவு வைத்தாலும் இந்த வேலைக்குப் போதும்.

அடுத்தது, மட்கும் பங்கு. நான் கண்டவரை அதிகமாகத் தவறுவது இந்த இடத்தில்தான். 2,000 கிலோ வைக்கோலில் 800 கிலோ கரிமம் உண்டு. விகிதத்தை இருபதுக்குக் கொண்டுவர 40 கிலோ தழைச்சத்து வேண்டும், வைக்கோலில் 12 கிலோ இருக்கிறது, ஆகவே 28 கிலோ கூட்ட வேண்டும் என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. நானும் ஒரு தாளடிப் பருவத்தில் அப்படித்தான் கணக்கிட்டு, ஏக்கருக்கு ஒன்றேகால் மூட்டைக்கு மேல் யூரியாவை உழவோடு இட்டேன். பயிர் முதலில் மெலிந்து நின்றது. பிறகு தூர் கட்டும் பருவம் முடியும்போது கருகருவென்று எழுந்து, இலைச்சுருட்டுப் புழுவுக்கு இரையாகி, கதிர் முற்றும் முன்பே சாய்ந்தது. வைக்கோல் முழுவதும் ஒரே மாதத்தில் மட்கிவிடுவதில்லை. சர்க்கரையும் எளிதில் சிதையும் பகுதிகளும் முதலில் போகின்றன, மீதி அடுத்த பருவம் வரையிலும் நீள்கிறது. நம் வெப்பநிலையில் முதல் ஐந்தாறு வாரங்களுக்கு நான் எடுத்துக்கொள்ளும் அளவு நூற்றுக்கு 35. அதாவது 800 கிலோவில் 280 கிலோ கரிமம். பயிருக்கும் நுண்ணுயிருக்கும் போட்டி நடப்பது இந்த 280 கிலோவின்மேல்தான்.

மூன்றாவது E. காற்றோட்டமுள்ள தோட்டக்கால் மண்ணில் 0.4 பொருந்தும். ஆனால் நம்முடையது தொளி உழவு. நீர் நிற்கும் மண்ணில் மேலே சில மில்லிமீட்டர் தடிப்புக்குத்தான் உயிர்க்காற்று எட்டும். அதற்குக் கீழே நுண்ணுயிர்கள் உயிர்க்காற்று இல்லாமல் வாழ்கின்றன. அப்படி வாழும்போது ஒரே அளவு கரிமத்திலிருந்து அவற்றுக்குக் கிடைக்கும் ஆற்றல் குறைவு. ஆகவே உடலாகும் பங்கும் குறைவு, தழைச்சத்துத் தேவையும் குறைவு. முழுதும் நீரில் மூழ்கிய மண்ணுக்கு 0.25 என்று கொண்டால், மேலே சொன்ன இருபது என்ற எல்லை முப்பத்திரண்டாக உயர்ந்துவிடுகிறது. நீர் ஏறியும் வடிந்தும் கிடக்கும் டெல்டா வயலுக்கு நான் 0.3 எடுக்கிறேன்.

வைக்கோலின் தழைச்சத்து 0.6 என்றால் R என்பது 67. இப்போது எண்களை இட்டால்:

```
N = 280 × (0.30 / 8 − 1 / 67)
  = 280 × (0.0375 − 0.0149)
  = 6.3
```

ஏக்கருக்கு 6.3 கிலோ தழைச்சத்து, யூரியாவாக ஏறத்தாழ 14 கிலோ. டன் வைக்கோலுக்கு 7 கிலோ யூரியா என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். E-ஐ 0.25 ஆக்கினால் 4.6 கிலோவும், 0.4 ஆக்கினால் 9.8 கிலோவும் வருகின்றன. மக்காச்சோளத் தட்டையைத் தோட்டக்காலில் உழுபவருக்கு இந்த மேல் எல்லையை ஒட்டிய கணக்குத்தான் பொருந்தும். நன்செய்க்காரர் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வைக்கோலின் தழைச்சத்து 0.6 அல்லாமல் 0.5 ஆக இருந்தால் முடக்கம் 7 கிலோ, 0.8 ஆக இருந்தால் 4.9 கிலோ. அதாவது எல்லோரும் பெரிதாகப் பேசும் விகிதம், வைக்கோலுக்கு வைக்கோல் மாறுவதால் ஏற்படுத்தும் வேறுபாடு ஒன்றிரண்டு கிலோவுக்குள் முடிந்துவிடுகிறது. வைக்கோலின் எடையைத் தவறாக மதிப்பிட்டாலோ, நீர்நிலையைக் கருதாமல் விட்டாலோ நேரும் பிழை அதைவிடப் பெரியது. ஆகவே வைக்கோலை ஆய்வகத்துக்கு அனுப்பப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. கயிற்றுச் சதுரத்துக்கு ஒரு காலை நேரத்தை ஒதுக்குங்கள்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். முந்தைய பயிரின் தாளை மடக்கி உழும்போது, முதல் தொளி உழவில் எக்டருக்கு 22 கிலோ யூரியா இட வேண்டும். அதையும் நடவுக்குப் பத்து நாட்களுக்கு முன்பாவது செய்ய வேண்டும் என்பது அந்தப் பரிந்துரை. ஏக்கருக்கு அது 9 கிலோ யூரியா. நம் கணக்கின்படி 1.3 டன் வைக்கோலுக்கு அது சரியாக இருக்கும். ஆளை வைத்து அறுத்துக் கட்டை எடுத்துவிட்டுத் தாளை மட்டும் மடக்கும் வயலுக்கு அது தாராளமாகவே போதும். அறுத்த தாளை மடக்கிய வயலில் நடும் பயிர் என்பதால்தானே தாளடி என்றே பெயர். ஆனால் இயந்திரம் முழு வைக்கோலையும் வயலிலேயே விட்டுப்போகும்போது அளவு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. பரிந்துரையின் அளவைக் கூட்டிக்கொள்ளலாம். பத்து நாள் இடைவெளியை மட்டும் குறைக்காதீர்கள்.

அந்தப் பத்து நாட்களால் ஒரு பயன் உண்டு. எளிதில் சிதையும் பகுதி மிக வேகமாக மட்குவது முதல் இரண்டு வாரங்களில்தான். அந்தப் போட்டியின் உச்சத்தை நாற்று இல்லாத வயலிலேயே கழித்துவிடலாம். உழுத மூன்றாம் நாளே நட்டால், வேர் பிடிக்கும் பருவமும் முடக்கத்தின் உச்சமும் ஒன்றாக வந்து சேரும்.

இனி, இந்த 6.3 கிலோவை மொத்த அளவின்மேல் கூட்டுவதா, மொத்தத்துக்குள்ளேயே முன்னுக்கு நகர்த்துவதா என்ற கேள்வி. முடங்கிய தழைச்சத்து வயலை விட்டுப் போய்விடுவதில்லை. அது நுண்ணுயிரின் உடலில் இருக்கிறது. தின்னக் கிடைக்கும் கரிமம் குறையும்போது நுண்ணுயிர்கள் மடிந்து, அதில் ஒரு பகுதி அம்மோனியமாகத் திரும்புகிறது, மீதி மண்ணின் அங்ககப் பொருளோடு சேர்ந்துவிடுகிறது. பயிர் கொடுத்த கடனில் ஒரு பங்கு இந்தப் பருவத்திலேயே, பெரும்பாலும் கதிர் உருவாகும் காலத்துக்குப் பின், தவணையாகத் திரும்பி வருகிறது என்று கொள்ளலாம். ஆகவே முதலில் கூட்டியதைக் கடைசித் தவணையில் கழிப்பதே முறை; அதையும் இலையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆடுதுறை 46 மத்திய கால ரகம். அதற்கான பொதுப் பரிந்துரை எக்டருக்கு 150 கிலோ தழைச்சத்து, அதாவது ஏக்கருக்கு 60 கிலோ, நான்கு சம தவணைகளாக 15 கிலோ வீதம். உங்கள் வயலுக்கு நான் இப்படி அமைப்பேன். முதல் தொளி உழவில் வைக்கோலோடு 14 கிலோ யூரியா. பரம்படிக்கும் முன் அடியுரமாக 15 கிலோ தழைச்சத்து. மணிச்சத்துக்காக நீங்கள் ஒரு மூட்டை டிஏபி போடுவதாக இருந்தால் அதிலேயே 9 கிலோ தழைச்சத்து வந்துவிடும் என்பதை மறக்காமல், 13 கிலோ யூரியாவை மட்டும் சேருங்கள். டிஏபியில் உள்ள தழைச்சத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுவதாலேயே பலருக்கு இந்தக் கட்டத்தில் அளவு மிஞ்சிவிடுகிறது. தூர் கட்டும் பருவத்திலும் கதிர் உருவாகும் பருவத்திலும் வழக்கமான 33 கிலோ யூரியா. கதிர் வெளிவரும் பருவத்துக்குரிய தவணையை 33-லிருந்து 19 கிலோவாகக் குறைக்கலாம். மொத்தம் அதே 60 கிலோவில் நிற்கும். வழங்கும் காலம் மட்டுமே மாறுகிறது.

இந்தக் குறைப்பைச் செய்யலாமா என்பதை இலை வண்ண அட்டை சொல்லும். நட்ட பதினான்காம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, முழுதும் விரிந்த மேல் இலையாகப் பத்துச் செடிகளில் அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெயில் இலைமேல் நேராக விழாதபடி உங்கள் உடலின் நிழலில் பிடியுங்கள். பத்தில் ஆறு இலைகளோ அதற்கு மேலோ 4-க்குக் கீழே இருந்தால், கழிப்பதாக வைத்திருந்ததைக் கழிக்காமல் முழுத் தவணையையும் கொடுத்துவிடுங்கள். வெள்ளைப் பொன்னி போன்ற இயல்பிலேயே வெளிர்ந்த ரகத்துக்கு இந்த எல்லை 3 என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மூன்றாம் வாரத்தில் அட்டை 4-க்குக் கீழே காட்டினால் நான் எடுத்த 0.3 உங்கள் வயலுக்குக் குறைவு என்று அறிந்துகொண்டு, அடுத்த ஆண்டு 0.35 என்று திருத்திக்கொள்ளலாம். ஒவ்வோர் ஆண்டும் வைக்கோலை மடக்கும் வயலில், சில ஆண்டுகளுக்குப் பின் பழைய கடன்களின் தவணைகள் வந்துகொண்டே இருக்கும் என்பதால் இந்த எண் இறங்கவும் கூடும்.

யூரியாவை எப்படி இடுவது என்பதும் அளவைப் போலவே முக்கியம். வைக்கோல் மேலே கிடக்க, அதன்மேல் யூரியாவை வீசிவிட்டு மறுநாள் உழலாம் என்று விடாதீர்கள். யூரியாவை அம்மோனியாவாக உடைக்கும் நொதி பயிர்க்கழிவின் மேற்பரப்பில் நிறைய இருக்கிறது. மண்ணைத் தொடாமல் அங்கேயே உடைந்தால் கணிசமான பகுதி காற்றோடு போய்விடும். மெல்லிய நீர் நிறுத்தி, யூரியாவை வீசி, அன்றே கேஜ் வீலோ ரோட்டவேட்டரோ ஓட்டிச் சேற்றுக்குள் புதையுங்கள். புதைத்தபின் நடவு வரை வயல் காய்ந்துபோகவும் விடாதீர்கள். காய்ந்தால் அம்மோனியம் நைட்ரேட்டாக மாறும், மீண்டும் நீர் கட்டும்போது அந்த நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாக வெளியேறிவிடும்.

இப்போது சென்ற ஆண்டின் மஞ்சளுக்கு வருகிறேன். ஒரு மூட்டை யூரியா, அதாவது 45 கிலோவில் 20.7 கிலோ தழைச்சத்து, போட்டும் ஒரு வாரம் பச்சை திரும்பவில்லை என்கிறீர்கள். நாம் கணக்கிட்ட முடக்கத்தைப்போல் அது மூன்று மடங்குக்கு மேல். அந்த அளவு கொடுத்தும் பயிர் திரும்பவில்லை என்றால், குறை தழைச்சத்தில் மட்டும் இல்லை என்றே நான் ஐயுறுகிறேன். நீரில் மூழ்கிய புது வைக்கோல் சிதையும்போது அங்கக அமிலங்களும், மண்ணில் உயிர்க்காற்று அறவே தீர்ந்தபின் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவும் உண்டாகி வேரைத் தாக்கும். வேர் கெட்ட பயிரால் கொடுத்த யூரியாவை எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டையும் பிரித்தறிய ஒரு குத்தை வேரோடு பிடுங்கிப் பாருங்கள். தழைச்சத்துக் குறை என்றால் அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் நுனியிலிருந்து சீராக மஞ்சளிக்கும். வேர் வெண்மையாகவோ செம்பழுப்பாகவோ உறுதியாக இருக்கும். வேர் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வீசினால் அது நச்சு. மிதித்த இடத்தில் குமிழிகள் எழுவதும் அதை ஒட்டிய அடையாளம். அப்போது யூரியாவைத் தொடாமல், நீரை வடித்து, மயிரிழை வெடிப்பு தோன்றும்வரை இரண்டு மூன்று நாட்கள் விட்டு மறுபடியும் நீர் கட்டுங்கள். இதனால் சிறிது தழைச்சத்து இழப்பு நேரும் என்பது உண்மைதான். ஆனால் அந்த இழப்பைவிட வேர் முக்கியம். வடிகால் ஐப்பசி மழையில் அடைபட்டுக் கிடக்கும் பள்ளமான வயலாக இருந்தால் இந்த வழியும் கிடைக்காது. அத்தகைய வயலில் முழு வைக்கோலையும் மடக்காமல், குவிந்த வரிசையையாவது வரப்புக்கு இழுத்துவிடுவதே நல்லது. மேல் இலைகளின் நடுநரம்பு வெளிறி, கீழ் இலைகளில் துருப்போன்ற புள்ளிகள் தெரிந்தால் அது துத்தநாகக் குறை. வைக்கோலை மடக்கிய, நீர் தேங்கும் வயலில் அது தலைகாட்டுவது உண்டு. ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை நடவுக்கு முன் மணலோடு கலந்து தூவிவிட்டால் அந்த ஐயத்தை முன்பே நீக்கிவிடலாம்.

இந்த ஆண்டு வயலின் ஒரு மா நிலத்தில் மட்டும் உழவோடு இடும் அந்த யூரியாவை இடாமல் விட்டு, மற்றவற்றை எல்லாம் ஒரே மாதிரி செய்துபாருங்கள். நட்ட மூன்றாம் வாரம் அந்த மாவும் மற்றப் பகுதியும் அட்டையில் ஒரே எண்ணைக் காட்டினால், உங்கள் மண்ணின் சொந்தத் தழைச்சத்தே முடக்கத்தைத் தாங்கிவிடுகிறது என்று பொருள். அடுத்த தாளடிக்கு அந்த 14 கிலோவும் வேண்டியதில்லை.